ஒரு நிமிடத்தின் அடக்கம் என்ன?

பத்துப் பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "உங்கள் நேரத்தில் எந்த வேலைக்கு எத்தனை சதவீதம் போகிறது?" என்று எழுதச் சொன்னால் என்ன வரும்? ஒருவர் தாக்கலுக்கு 60, போனில் பேச 25, மற்றதற்கு 15 என்று எழுதுவார். அடுத்தவர் வேறு மாதிரி எழுதுவார். ஆனால் எந்தத் தாளைக் கூட்டினாலும் கீழே வருவது 100தான். "பதினைந்து சதவீத நேரம் எனக்கு வேலையே இல்லை" என்று எழுதி முதலாளியிடம் நீட்டுகிற ஊழியர் இன்னும் பிறக்கவில்லை.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் போலத் தோன்றினாலும், சேவை நிறுவனங்களின் அடக்கக் கணக்கைப் பல ஆண்டுகள் கோணலாக்கியது இந்த 100தான்.

ஒரு நூற்பாலையில் ஒரு கிலோ நூலின் அடக்கம் எவ்வளவு என்று கேட்டால் பஞ்சு, மின்சாரம், கூலி என்று பிரித்துச் சொல்லிவிடுவார்கள். வங்கிக் கிளை, காப்பீட்டு அலுவலகம், வாடிக்கையாளர் சேவை மையம், ஆடிட்டர் ஆபீஸ் போன்ற இடங்களில் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே செலவு என்பது பெரும்பாலும் சம்பளமும் வாடகையும். பத்து வேலை வந்தாலும் நூறு வேலை வந்தாலும் மாதக் கடைசியில் போகிற தொகை ஒன்றுதான். அதை ஒவ்வொரு வேலைக்கும் எப்படிப் பங்கிடுவது?

மொத்தச் செலவை எல்லோருக்கும் சமமாகத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துவிடுவது பழைய வழக்கம். வேலைகள் ஒரே மாதிரி இருந்தவரை அதில் பெரிய தவறில்லை. 1980களில் ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் ராபர்ட் கப்லானும் ராபின் கூப்பரும் வேறு வழியை முன்வைத்தார்கள். முதலில் செலவைச் செயல்பாடுகளுக்குப் பிரி. பிறகு எந்த வாடிக்கையாளர் எந்தச் செயல்பாட்டை எத்தனை முறை கேட்டார் என்று பார்த்து அவர் தலையில் வை. செயல்பாட்டு அடக்கவிலை முறை என்று அதற்குப் பெயர். யோசனை சரிதான். ஆனால் செலவைச் செயல்பாடுகளுக்குப் பிரிக்க ஊழியர்களிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. ஆகவே அந்தச் சதவீதத் தாள் வந்தது. அதை நிரப்புவதே ஒரு தனி வேலையாகவும் ஆனது. ஒரு பெரிய வங்கியின் பங்குத் தரகுப் பிரிவில், நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் இருந்த 70,000 ஊழியர்கள் மாதாமாதம் படிவம் நிரப்பினார்கள் என்றும், அதைத் திரட்டித் தொகுக்க மட்டும் 14 பேர் முழுநேரமாக வேலை பார்த்தார்கள் என்றும் கப்லானே பின்னாளில் எழுதினார். செலவைக் கணக்கிட ஆகும் செலவை யார் தலையில் வைத்தார்களோ!

2004 நவம்பரில் கப்லானும் ஸ்டீவன் ஆண்டர்சனும் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை இந்தச் சிக்கலை வெட்டியது. யாரிடமும் சதவீதம் கேட்க வேண்டாம் என்றார்கள். இரண்டே எண்கள் போதும். ஒன்று, இந்தக் குழுவின் ஒரு நிமிடத்துக்கு என்ன செலவு? இரண்டு, ஒரு வேலையை முடிக்க எத்தனை நிமிடம்? இரண்டையும் பெருக்கினால் அந்த வேலையின் அடக்கம் கிடைத்துவிடும்.

அந்தக் கட்டுரை உதாரணமாக எடுத்துக்கொண்டது 28 பேர் கொண்ட ஒரு வாடிக்கையாளர் சேவைப் பிரிவு. காலாண்டுச் செலவு 5,60,000 டாலர். அவர்களுக்கு மூன்று வேலைகள்: ஆர்டர் பதிவது, வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் சொல்வது, கடன் தகுதி பார்ப்பது. பழைய முறையில் ஊழியர்கள் சொன்ன சதவீதம் 70, 10, 20. அந்தக் காலாண்டில் 49,000 ஆர்டர், 1,400 கேள்விகள், 2,500 கடன் தகுதிச் சோதனைகள். வகுத்துப் பார்த்தால் ஓர் ஆர்டருக்கு 8 டாலர், ஒரு கேள்விக்கு 40, ஒரு சோதனைக்கு 44.80.

இப்போது புதிய வழி. ஓர் ஊழியர் காலாண்டில் அலுவலகத்தில் இருக்கும் நேரம் 31,680 நிமிடம். இடைவேளை, பயிற்சி, கூட்டம், சும்மா பேச்சு எல்லாம் போக உண்மையில் வேலைக்குக் கிடைப்பது சுமார் 25,000. 28 பேருக்கு 7,00,000 நிமிடம். 5,60,000 டாலரை அதால் வகுத்தால் நிமிடத்துக்கு 80 சென்ட். ஓர் ஆர்டருக்கு 8 நிமிடம், கேள்விக்கு 44, சோதனைக்கு 50 என்று நேரம் கண்டறியப்பட்டது. ஆக ஓர் ஆர்டரின் அடக்கம் 6.40 டாலர், கேள்வி 35.20, சோதனை 40. மூன்றுமே முன்பு சொன்னதைவிடக் குறைவு.

அப்படியானால் மிச்சப் பணம் எங்கே? எண்ணிக்கையையும் நேரத்தையும் பெருக்கிக் கூட்டினால் 5,78,600 நிமிடம்தான் வருகிறது. மீதி 1,21,400 நிமிடம், அதாவது 97,120 டாலர், எந்த வேலைக்கும் போகவில்லை. அது சும்மா இருந்த திறன். பழைய முறையில் அந்தத் தொகை ஆர்டர்களிலும் கேள்விகளிலும் சத்தமில்லாமல் கரைந்துபோய், ஒவ்வொன்றின் விலையையும் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றியிருந்தது. புதிய முறை அதைத் தனி வரியாக வெளியே எடுத்து வைத்தது. அடக்கம் துல்லியமாவதைவிட இந்த ஒரு வரிதான் இந்த முறையின் முக்கியப் பலன் என்று சொல்லலாம்.

அமெரிக்க டாலரை விட்டுவிட்டு, நம் ஊரில் மாதாமாதம் எல்லாக் கடைக்காரர்களும் போய் நிற்கிற ஓர் இடத்துக்கு வருவோம். ஈரோட்டில் ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துத் தரும் ஓர் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகம் கற்பனை, எண்களும் கணக்கு புரிவதற்காக வைத்தவை. வேலை முறை மட்டும் நிஜம்.

ஐந்து கணக்கர்கள். ஆளுக்கு 18,000 ரூபாய் சம்பளம், மொத்தம் 90,000. அவர்களை மேய்க்கும் மேலாளருக்கு 28,000. வாடகை 14,000. மென்பொருள், இன்டர்நெட், கரண்ட், டீ எல்லாம் சேர்த்து 12,000. கூட்டினால் 1,44,000. வாடிக்கையாளர்கள் 144 பேர். ஆளுக்கு 1,000 ரூபாய் அடக்கம் என்று முதலாளி மனக்கணக்குப் போட்டு, எல்லோரிடமும் மாதம் 1,100 வாங்குகிறார்.

முதலில் நிமிடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மாதம் 26 வேலை நாள் என்றாலும் பண்டிகை, விடுப்பு, ஊரில் விசேஷம் எல்லாம் போனால் ஒருவர் சராசரியாக 24 நாள்தான் வருகிறார். நாளுக்குச் சாப்பாட்டு நேரம் நீங்கலாக எட்டு மணி நேரம், 480 நிமிடம். அதில் இரண்டு டீ, காலைக் கூட்டம், புதுச் சுற்றறிக்கை படிப்பது, மறுபடி லாகின் ஆவதற்குக் காத்திருப்பது என்று 80 நிமிடம் கழித்தால் 400. ஆக ஒருவருக்கு மாதம் 9,600 நிமிடம், ஐவருக்கு 48,000. இதைத்தான் நடைமுறைத் திறன் என்கிறார்கள். 1,44,000 ரூபாயை 48,000 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 3 ரூபாய்.

இந்த வகுத்தலில் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. மேலாளருடைய சம்பளம் மேலே செலவில் சேர்ந்திருக்கிறது. அவருடைய நிமிடங்கள் கீழே சேரவில்லை. அவர் தாக்கல் செய்வதில்லை; தாக்கல் செய்பவர்கள் இருப்பதால்தான் அவர் இருக்கிறார். அவருடைய நேரத்தையும் கீழே சேர்த்துவிட்டால் நிமிடச் செலவு செயற்கையாகக் குறைந்து, எல்லா வேலையும் லாபமாகத் தெரியும். முதல் தடவை இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். இன்னொரு சறுக்கல், 80 நிமிடத்தைக் கழிக்க மனமில்லாமல் 480ஐயே வைத்துக்கொள்வது. எந்த மனிதரும் கொடுக்க முடியாத நிமிடங்களைத் திறன் என்று எழுதிவிட்டால், பிறகு அவை அத்தனையும் சோம்பல் கணக்கில் வந்து நிற்கும்.

அடுத்தது வேலைக்கு ஆகும் நேரம். இங்கே ஒரு சராசரி எண் உதவாது. மாதத் தாக்கல் என்று ஒரே பெயரில் அழைக்கப்படும் வேலை கடைக்குக் கடை வேறு. ஆனால் எதனால் வேறாகிறது என்று பார்த்தால் காரணங்கள் இரண்டு மூன்றுக்கு மேல் இருக்காது. விற்பனை விவரத்தை ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்றுவது, 3பி தாக்கல் செய்வது, சலானைச் சரிபார்ப்பது ஆகிய அடிப்படை வேலைக்கு யாராயிருந்தாலும் 45 நிமிடம். பில்களைக் காகிதமாகப் பையில் போட்டுக் கொண்டுவந்தால் ஒவ்வொன்றையும் தட்ட வேண்டும். பில்லுக்கு ஒன்றரை நிமிடம். கடைசியாக, ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி இணையதளத்தில் வரும் 2பி அறிக்கையோடு கொள்முதலை ஒத்துப் பார்க்கும்போது பொருந்தாத சப்ளையர் ஒவ்வொருவருக்கும் 12 நிமிடம். போன் போட வேண்டும், "பில்லை ஏத்திட்டீங்களா?" என்று கேட்க வேண்டும், குறித்து வைக்க வேண்டும். இவற்றை ஒரு வரியில் எழுதலாம்:

தாக்கல் நேரம் = 45 + (1.5 × காகித பில்கள்) + (12 × பொருந்தாத சப்ளையர்கள்)

கப்லானும் ஆண்டர்சனும் இதை நேரச் சமன்பாடு என்றார்கள். பழைய முறையில் இப்படி ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் ஒரு தனிச் செயல்பாட்டைச் சேர்க்க வேண்டும். பட்டியல் நீண்டுகொண்டே போகும். இங்கே ஒரு கூட்டல் குறி போதும்.

இனி இரண்டு வாடிக்கையாளர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஜவுளி மொத்த வியாபாரி. மாதம் 300 பில் போடுகிறார். எல்லாம் அவருடைய கடைக் கணினியிலிருந்தே எக்செல் கோப்பாக வந்துவிடும். பொருந்தாத சப்ளையர் இருவர். 45 உடன் 24ஐக் கூட்டினால் 69 நிமிடம். அடக்கம் 207 ரூபாய். இன்னொருவர் ஹார்டுவேர் கடைக்காரர். 180 காகித பில், பொருந்தாத சப்ளையர் ஒன்பது பேர். 45, 270, 108 ஆகியவற்றைக் கூட்டினால் 423 நிமிடம். அடக்கம் 1,269 ரூபாய். இருவரும் கொடுப்பது அதே 1,100.

பில் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஜவுளிக்காரர்தான் பெரிய வேலை கொடுப்பவர். "இத்தனை பில் வருது, கட்டணம் ஏத்தணும்" என்று முதலாளி நினைத்திருக்கக்கூடியதும் அவரைத்தான். ஏற்றியிருந்தால், மாதம் 893 ரூபாய் மீதம் தரும் ஆளைப் பக்கத்துத் தெரு ஆபீஸுக்கு அனுப்பிவைத்து, 169 ரூபாய் நஷ்டம் தருபவரை வைத்துக்கொண்டிருப்பார்.

பழைய கணக்கின் ஆபத்து அத்தோடு நிற்காது. ஜவுளிக்காரர் போன்ற 24 பேர் விலகினார்கள் என்று வையுங்கள். 1,44,000 ரூபாயை இப்போது 120 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,200. அடக்கம் ஏறிவிட்டது என்று கட்டணத்தை 1,300 ஆக்கினால், அடுத்து யார் கிளம்புவார்கள்? மறுபடியும் எளிதான வேலை கொடுப்பவர்கள்தான். அவர்களுக்குத்தான் வேறு இடத்தில் மலிவாகக் கிடைக்கும். கடைசியில் பையோடு வருகிறவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். நிமிடக் கணக்கில் 24 பேர் போனாலும் ஹார்டுவேர் கடையின் அடக்கம் அதே 1,269 ரூபாயில் நிற்கும். காலியான நேரம் தனி வரியில் கூடும். அது முதலாளியின் பிரச்சினை, கடைக்காரர்களுடையது இல்லை.

ஆபீஸ் முழுவதற்கும் இதைப் போட்டுப் பார்க்கலாம். 144 பேருக்கு அடிப்படை வேலை 6,480 நிமிடம். எல்லோருடைய காகித பில்களும் 14,000. அதற்கு 21,000 நிமிடம். பொருந்தாத சப்ளையர்கள் 840, அதற்கு 10,080. இது போக, துறையிலிருந்து வரும் நோட்டீஸ்களுக்குப் பதில் தயாரிப்பது மாதம் 20. ஒன்றுக்கு இரண்டரை மணி நேரமாக 3,000. மொத்தம் 40,560 நிமிடம். இருக்கும் 48,000இல் 7,440 மிச்சம். 22,320 ரூபாய்.

நோட்டீஸ் விஷயத்தில் மட்டும் ஒரு சிறு சேர்க்கை. அதில் கணக்கருடைய 150 நிமிடத்தோடு ஆடிட்டர் அரை மணி நேரம் உட்கார வேண்டும். அவருடைய சம்பாத்தியம் அந்த 1,44,000இல் இல்லை. அவருடைய நிமிடம் 20 ரூபாய் என்றால் ஒரு நோட்டீஸின் அடக்கம் 450உம் 600உம் சேர்ந்து 1,050 ஆகிறது. ஆட்களின் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும் இடத்தில் ஒரே நிமிடச் செலவு வைக்கக் கூடாது. 2011இல் கப்லான் மைக்கேல் போர்ட்டருடன் சேர்ந்து இந்த முறையை மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனபோது, மருத்துவரின் நிமிடம் வேறு, செவிலியரின் நிமிடம் வேறு, வரவேற்பில் இருப்பவரின் நிமிடம் வேறு என்று பிரித்துப் பார்த்ததும் இதனால்தான்.

சரி, ஒன்றரை நிமிடம், பன்னிரண்டு நிமிடம் என்பதெல்லாம் எங்கிருந்து வந்தன?

கேட்டு வாங்கக் கூடாது என்பது முதல் பாடம். பார்த்து எழுத வேண்டும். எடி கார்டினால்ஸ், ஈவா லாப்ரோ என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வேலைக்கு எத்தனை நிமிடம் ஆனது என்று கேட்டால் மக்கள் கூட்டிச் சொல்லும் போக்கு வலுவாக இருப்பதைக் கண்டார்கள். பொய் சொல்லும் எண்ணம் இருக்க வேண்டியதில்லை. சலிப்பான வேலை நீளமாகத் தெரிகிறது. நிமிடக் கணக்கையே நம்பி நிற்கும் முறைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நல்லவேளையாக, கூடுதலாகச் சொல்லப்பட்டதைப் பிடிக்க இந்த முறைக்குள்ளேயே வழி இருக்கிறது. ஒரு காகித பில்லைத் தட்ட மூன்று நிமிடம் என்று கணக்கர்கள் சொன்னார்கள் என்று வையுங்கள். 14,000 பில்லுக்கு 42,000 நிமிடம். மற்ற வேலைகளின் 19,560ஐச் சேர்த்தால் 61,560. இருப்பதோ 48,000. இத்தனை வேலை இத்தனை பேரால் முடிந்திருக்கவே முடியாது. ஆனால் எல்லாத் தாக்கலும் முடிந்திருக்கிறது. அப்படியென்றால் மூன்று நிமிடம் என்பது தவறு. சதவீதத் தாளில் இந்தச் சோதனைக்கு இடமே கிடையாது. அது எப்போதும் 100ஐக் காட்டிக்கொண்டிருக்கும்.

அளக்கும்போது இன்னொரு நுணுக்கம் வரும். தாக்கலை முடிக்கும் நேரத்தில் கடைக்காரரின் கைபேசிக்கு ஓடிபி போகும். கணக்கர் கூப்பிடுகிறார்: "அண்ணா, ஓடிபி வந்துச்சுங்களா?" அந்தப் பக்கம்: "வண்டியில போயிட்டிருக்கேனுங்க தம்பி, பத்து நிமிசம் கழிச்சுக் கூப்பிடுங்க." இந்தப் பத்து நிமிடம் யார் கணக்கு? கணக்கர் அந்தக் கோப்பை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த கடையின் பில்லைத் தட்ட ஆரம்பித்துவிட்டால் அது வேலை நேரத்தில் சேராது. 20ஆம் தேதி இரவு எட்டு மணிக்குக் கடைசிக் கோப்போடு உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் சேரும். ஒரு கோப்பு தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் கணினியிலிருந்து எடுத்து அப்படியே கழித்துவிடுகிறவர்கள் இந்தக் காத்திருப்பு முழுவதையும் உழைப்பாக எண்ணிவிடுவார்கள். பக்கத்தில் நின்று இருபது முப்பது தாக்கல்களைப் பார்த்து எழுதினால் போதும். ஒரு நிமிடம் அரை நிமிடம் முன்னே பின்னே இருப்பதால் முடிவு மாறாது. நிற்பது யார் என்பதுதான் முக்கியம். மேலாளரே கையில் கைபேசிக் கடிகாரத்தோடு நின்றால் அன்றைக்கு எல்லோருடைய வேகமும் வேறாக இருக்கும். யார் வேகம், யார் மந்தம் என்று ஆளைப் பிரித்துப் பார்க்க இதைப் பயன்படுத்தப் போவதில்லை என்று முன்கூட்டியே சொல்லி, அதைக் காப்பாற்றவும் வேண்டும். ஒருமுறை அந்தப் பேச்சை மீறிவிட்டால் அடுத்த முறை வரும் எண்கள் எதற்கும் ஆகா.

எண்கள் சரியாகவே வந்தன என்று வைத்துக்கொள்வோம். முதலாளி 7,440 நிமிடம் சும்மா போகிறது என்று அறிவிக்கிறார். கணக்கர்கள் கொதித்துப்போகிறார்கள். "பத்தொம்பதாம் தேதி ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்திருக்கோமுங்க. எங்க இருக்குது சும்மா நேரம்?"

இரண்டும் உண்மை. ஜிஎஸ்டிஆர்-1க்குக் கெடு 11ஆம் தேதி, 3பிக்கு 20. மாத வேலையில் முக்கால் பங்கு 5ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் நடுவில் வந்து விழுகிறது. ஞாயிறும் விடுப்பும் போக அந்த இடைவெளியில் 13 வேலை நாள். ஐந்து பேர், நாளுக்கு 400 நிமிடம்: 26,000 நிமிடம் கிடைக்கும். வேண்டியதோ 30,420. துண்டு விழும் 4,420 நிமிடம்தான் ராத்திரிகளில் போகிறது. மீதி 11 நாளில் 22,000 நிமிடம் இருக்கிறது; வேலை 10,140தான். 11,860 நிமிடம் காலி. காலியில் துண்டைக் கழித்தால் அதே 7,440. மாத மொத்தம் பொய் சொல்லவில்லை. இரண்டு வேறு மாதங்களை ஒன்றாகக் கலந்து காட்டியிருக்கிறது.

இந்த முறையை எடுத்துக்கொண்ட பல இடங்களில் கோட்டைவிடும் இடம் இதுதான். காலித் திறன் என்ற வரியைப் பார்த்ததும் ஓர் ஆளைக் குறைக்கலாம் என்று தோன்றிவிடும். குறைத்தால் அடுத்த 11ஆம் தேதியே பாதித் தாக்கல் நிற்கும், தாமதக் கட்டணம் கடைக்காரர் தலையில் விழும், சண்டை வரும். ஐந்தாவது ஆள் இருப்பது அந்தப் பதின்மூன்று நாளுக்காக. அப்படியானால் அவருடைய காலி நேரத்தின் செலவையும் அந்த நாட்களில் வந்து குவிகிறவர்கள்தான் தாங்க வேண்டும் என்று ஒரு வாதம் உண்டு. ஆண்டர்சனும் கப்லானும் 2007இல் எழுதிய புத்தகத்தின் பாதையில் போகிறவர்கள் அதையும் கணக்கில் கொண்டுவருவார்கள்: நெருக்கடி நாளின் நிமிடத்துக்கு ஒரு விலை, சாதாரண நாளின் நிமிடத்துக்கு ஒரு விலை. ஈரோட்டு ஆபீஸில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வேலையை நகர்த்த முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

நகர்த்த முடியும். அடிப்படைத் தாக்கலை நகர்த்த முடியாது, 2பி ஒப்பீட்டையும் 14ஆம் தேதிக்கு முன்னால் முடிக்க முடியாது. காகித பில்லைத் தட்டுவதற்கு மட்டும் எந்தக் கெடுவும் கிடையாது. மாதத்தின் முதல் மூன்று வாரத்துப் பில்களை 21ஆம் தேதிக்குமேல் வாங்கித் தட்ட ஆரம்பித்துவிடலாம். 14,000 பில்லில் 5,000 மட்டும் இப்படி முன்கூட்டி வந்தாலே 7,500 நிமிடம் நெருக்கடியிலிருந்து வெளியேறும். 30,420 என்பது 22,920 ஆகும். 26,000க்குள் அடங்கிவிட்டது. ராத்திரி வேலை இல்லை. இதற்குச் செலவு, கடைகளுக்குப் போய்ப் பில் பையை வாங்கிவர ஒரு பையனுக்கு இரண்டு நாள் பெட்ரோல்.

கட்டணத்தை மாற்றுவதும் இப்போது பேசக்கூடிய விஷயமாகிறது. ஹார்டுவேர் கடைக்காரரிடம் போய் "உங்க வேலை ஜாஸ்தி, இருநூறு கூட்டிக் குடுங்க" என்றால் அவர் கேட்பது "ஏன்?" என்றுதான் இருக்கும். நேரச் சமன்பாடு கையில் இருந்தால் வேறு மாதிரிப் பேசலாம். அடிப்படைக் கட்டணம் 600. காகித பில் ஒன்றுக்கு 4. எக்செல்லில் கொடுத்தால் அந்த 4 இல்லை. அவருடைய 180 பில்லுக்கு 720 சேர்ந்து 1,320 ஆகிறது. கொடுக்கலாம், அல்லது கடையில் ஒரு பில்லிங் மென்பொருளைப் போட்டுக்கொண்டு 600 மட்டும் கொடுக்கலாம். மென்பொருள் போட்டால் அவருக்கு ஆகும் நேரம் 423இலிருந்து 153 நிமிடமாகிறது, அடக்கம் 459. எப்படிப் பார்த்தாலும் ஆபீஸுக்கு நஷ்டம் இல்லை.

இந்தக் கணக்கு செல்லாத வேலைகளும் அதே கூரையின் கீழ் இருக்கின்றன. ஒரு மேல்முறையீட்டுக்கு ஆடிட்டர் எத்தனை மணி நேரம் யோசிப்பார் என்பதற்குச் சமன்பாடு எழுத முடியாது. திரும்பத் திரும்ப வரும் வேலை, அதை நீட்டுகிற காரணங்கள் எண்ணத்தக்கவையாக இருக்கும் வேலை, இவற்றுக்கே இது பொருந்தும். இணையதளத்தில் ஒரு புதுப் படிவம் வந்தால் 45 என்பது 60 ஆகலாம்; அன்றைக்கே மாற்றிக்கொள்ள வேண்டும். சம்பளம் பத்து சதவீதம் ஏறினால் கணக்கர்களின் 90,000 ரூபாய் 99,000 ஆகும். நிமிடம் 3 ரூபாய் 19 பைசா. நேரம் எதுவும் மாறாது. எந்த எண் எதனால் மாறியது என்பது பிரிந்து தெரிவதால் திருத்துவது சுலபம்.

கடைசியாகக் கட்டாயம் பார்க்க வேண்டியது, மிச்சமான நிமிடம் எப்போது பணமாகிறது என்பதை. ஹார்டுவேர் கடைக்காரர் மென்பொருளுக்கு மாறியதும் மாதம் 270 நிமிடம், கணக்குப்படி 810 ரூபாய், மிச்சம். ஆனால் சம்பளப் பட்டியலில் ஒரு ரூபாயும் குறையவில்லை. அவரைப் போலப் பத்துப் பேர் மாறினால் 2,700 நிமிடம், அப்போதும் குறையாது. ஏற்கெனவே காலியாக இருந்த 7,440ஐச் சேர்த்தால் 10,140. ஓர் ஆளின் மாதத் திறன் 9,600. இப்போதுதான் ஒரு கேள்வி எழுகிறது. யாரையும் வெளியே அனுப்பாவிட்டாலும், கல்யாணமாகியோ வேறு வேலை கிடைத்தோ ஒரு கணக்கர் தானாக விலகும்போது அந்த இடத்தை நிரப்ப வேண்டுமா? புதிதாக முப்பது கடைகளைப் பிடித்து அந்த நேரத்தை விற்க முடிந்தால் நிரப்பலாம். இல்லாவிட்டால் 5ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் இடைப்பட்ட கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நான்கு பேர், 13 நாள், 400 நிமிடம்: 20,800. பில்லை முன்கூட்டி வாங்கியபின் வேண்டியிருந்தது 22,920. பத்துக் கடைகள் மாறியதில் அந்த நாட்களில் குறைவது சுமார் 2,000. ஆக 20,920 வேண்டும். துண்டு 120 நிமிடம். நான்கு பேருக்கும் பதின்மூன்று நாளுக்கும் பிரித்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டேகால் நிமிடத்துக்குச் சற்று அதிகம்.